பதிவேற்றம் நின்றுபோனால் பதிவுத் தபால்: கேள்வி பதில்

கேள்வி: நோட்டீஸுக்குப் பதில் தர நாளை மாலை கடைசி. இன்று இரவு ஒன்பது மணியிலிருந்து அலுவலகத்தின் இணையதளத்தில் கோப்பு ஏறவே இல்லை, பாதியில் நின்று பிழை காட்டுகிறது. தபாலில் அனுப்பிவிடட்டுமா?

பதில்: முதலில் குற்றம் கோப்பிலா, தளத்திலா என்று பாருங்கள். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து ஏற்றிப் பாருங்கள். அது ஏறினால் உங்கள் கோப்புதான் பெரிது. வண்ணத்தில் 300 டிபிஐ அளவில் எடுத்ததைக் கறுப்பு வெள்ளையில் 150 டிபிஐ அளவில் மீண்டும் எடுத்தால் வெகுவாகச் சுருங்கிவிடும். மின் கையொப்பம் தேவையென்றால் சுருக்கிய பிறகு இடுங்கள். கையொப்பமிட்ட கோப்பைச் சுருக்கினால் கையொப்பம் செல்லாமல் போகும்.

ஒரு பக்கமும் ஏறவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் தளத்தில்தான். பிழைச் செய்தி, தேதி, நேரம், நோட்டீஸ் எண் எல்லாம் ஒரே படத்தில் விழும்படி முழுத் திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை முயன்று ஒவ்வொன்றையும் எடுத்து வையுங்கள். உதவி மையத்துக்கு எழுதிப் புகார் எண்ணையும் வாங்கிவிடுங்கள். காலையில் தபால் நிலையம் திறந்ததும் போங்கள். தளம் சரியானதும் அதே பதிலை அங்கேயும் ஏற்றுங்கள். தளத்தின் வழியாக மட்டுமே பதில் ஏற்கும் அலுவலகங்களும் உண்டு.

கேள்வி: தபாலில் போட்ட நாள்தானே கணக்கு? முத்திரை விழுந்துவிட்டால் போதும் என்றுதான் எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள்.

பதில்: பாதி சரி. நோட்டீஸில் ‘அனுப்ப வேண்டும்’ என்று இருக்கிறதா, ‘கிடைக்க வேண்டும்’ என்று இருக்கிறதா என்று சொல் சொல்லாகப் படியுங்கள். இரண்டாவது வகையென்றால் முத்திரை உங்களைக் காப்பாற்றாது. முகப்புக் கடிதத்திலேயே தளம் நின்ற நேரத்தையும் புகார் எண்ணையும் குறிப்பிட்டு, தாமதத்தை மன்னிக்கும்படி கேட்டு, ஸ்கிரீன்ஷாட்டுகளை இணையுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அந்த அதிகாரியின் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. ஆனால் உறைக்குள் முகப்புக் கடிதம் மட்டும்தான் இருந்தது என்கிறார்கள். 23 பக்கங்கள் அனுப்பினேன்!

பதில்: என்னைப் பலமுறை கவலைப்படுத்திய இடம் இது. தபால் ரசீது ஓர் உறையை ஒப்படைத்ததற்குச் சான்று. ஒப்புகை அட்டை அது போய்ச் சேர்ந்ததற்குச் சான்று. உள்ளே என்ன இருந்தது என்பதை இரண்டுமே சொல்லாது.

உங்களுக்கு இப்போது கைகொடுக்கக்கூடியது எடை. ரசீதில் எடை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதே வகை உறையில் ஒரு தாளை மட்டும் வைத்து எடை போட்டுப் பாருங்கள், மிகக் குறைவாகத்தான் இருக்கும். சாதாரண ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட 23 தாள்கள் 115 கிராம், அதன் மேல் உறையின் எடை. ரசீது 120 கிராமைத் தாண்டிக் காட்டினால் ஒரே தாள்தான் இருந்தது என்ற வாதம் நிற்காது. ரசீது நகலோடு இந்தக் கணக்கையும் எழுதி, 23 பக்கங்களையும் மறுபடி அனுப்புங்கள்.

அடுத்த முறை முகப்புக் கடிதத்தில் இணைப்புகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணிக்கை இடுங்கள். எல்லாப் பக்கங்களுக்கும் தொடர் எண் கொடுங்கள். அனுப்பியதன் முழு நகலையும் எடுத்து, அதன் முதல் பக்கத்தில் தபால் எண்ணைக் குறித்து, ரசீதை அதிலேயே ஒட்டிவிடுங்கள்.

கேள்வி அல்ல, ஒரு சேர்க்கை: தபால் கவுன்டரில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். ஒப்புகை அட்டையில் வெறும் முகவரி மட்டும் எழுதுகிறார்கள். ‘இன்ன எண் நோட்டீஸுக்குப் பதில், 23 பக்கம்’ என்று அட்டையிலேயே எழுதச் சொல்லுங்கள். வாங்குபவர் அதன் கீழேதான் கையெழுத்திடுவார்.

பதில்: மிக்க நன்றி ஐயா. எனக்குத் தோன்றாமல் போனது இது.

கேள்வி: எனக்கு வந்த பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பிவிட்டேன். அதனால் ஏதாவது சிக்கல் வருமா?

பதில்: நாம் பேசுவது அனுப்புகிறவரின் பக்கம். ஆனாலும் சொல்கிறேன்: வாங்க மறுத்ததையே கிடைத்ததாகக் கொள்ளும் சட்டங்கள் பல உண்டு, உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய உறை அப்படித் திரும்பி வந்தால் அதைப் பிரிக்காதீர்கள். மூடிய உறையும் அதன் மேல் தபால்காரர் எழுதிய குறிப்பும் உங்களுக்குச் சான்று.

கேள்வி: இணையத்தில் ‘பட்டுவாடா ஆனது’ என்று காட்டுகிறது, அட்டை வரவேயில்லை.

பதில்: அந்தப் பக்கத்தை இன்றே அச்சிட்டுக்கொள்ளுங்கள், சில மாதங்களில் மறைந்துவிடும். பிறகு ரசீது நகலுடன் தபால் நிலையத்தில் எழுத்து மூலம் பட்டுவாடா விவரம் கேளுங்கள். கையெழுத்திட்டவர் வாசல் காவலர் என்று தெரிய வந்தால் அது அதிகாரிக்குக் கிடைத்ததாகுமா என்பதில் இருவிதமாகவும் வாதிடுவார்கள். உறைமேல் அதிகாரியின் பெயரை எழுதாமல் பதவியை எழுதியிருந்தால் உங்கள் பக்கம் சற்று வலுவாக இருக்கும்.