விடைத்தாள் நகலைப் பார்த்துவிட்டு மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள்

கேள்வி: பிளஸ் டூ வேதியியலில் நினைத்ததைவிட ரொம்பக் குறைவாக வந்திருக்கிறது. நேரடியாக மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டிவிடலாமா, விடைத்தாள் நகல் வாங்கிப் பார்ப்பது வீண் செலவா?

பதில்:

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம் என்றால் நேரடியாகக் கட்டவே முடியாது. ரிசல்ட் வந்த கையோடு விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தவர்கள் மட்டும்தான் பிறகு மறுமதிப்பீடு கேட்கலாம். 2024-இல் முதல் சுற்றில் நகல், மறுகூட்டல் இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடிந்தது. அவசரப்பட்டு மறுகூட்டலுக்குப் பணம் கட்டியவர்களுக்கு அந்தப் பாடத்தில் மறுமதிப்பீட்டுக்கான வழி அடைபட்டுவிட்டது.

இது எனக்குத் தெரிந்தது 2024-இல், என் தம்பிக்காக. எங்கள் ஊர் பாலக்கோடு. மே 6 அன்று ரிசல்ட் வந்தது. வேதியியலில் 77, கணிதத்தில் 71. இரண்டிலுமே பத்து மார்க்காவது கூட வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அன்று சாப்பிடவே இல்லை. பள்ளியில் விசாரித்தால் "மறுகூட்டல் போடுங்க, அதுதான் செலவு குறைவு" என்றார்கள். அந்த வருடம் மறுகூட்டலுக்கு 205 ரூபாய், நகலுக்கு 275, மறுமதிப்பீட்டுக்கு 505. அப்பா தக்காளி மண்டியில் சுமை தூக்குகிறவர். இரண்டு பாடத்துக்கும் நகல், மறுமதிப்பீடு எல்லாம் சேர்த்தால் 1,560 ரூபாய். அதனால் முதலில் 550 கட்டி இரண்டு நகலையும் வாங்குவோம், பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசிக்கலாம் என்று முடிவு செய்தோம்.

விண்ணப்பம் படித்த பள்ளி வழியாகத்தான். ஒரு ஒப்புகைச் சீட்டு தருவார்கள், அதைத் தொலைத்துவிடாதீர்கள். அதிலிருக்கும் விண்ணப்ப எண்ணை வைத்துத்தான் பிறகு dge.tn.gov.in தளத்தில் விடைத்தாளைப் பதிவிறக்க வேண்டும்.

நகல் வந்ததும் முதலில் நாங்களே குழம்பினோம். சான்றிதழில் 77, விடைத்தாளில் 47. வேறு யாருடைய தாளோ என்று அம்மா பயந்துவிட்டார். விஷயம் இதுதான்: வேதியியலில் எழுத்துத் தேர்வு 70-க்குத்தான். செய்முறை 20, அகமதிப்பீடு 10 இரண்டும் விடைத்தாளில் இருக்காது. 47, 20, 10 சேர்த்தால் 77. நீங்கள் எடைபோட வேண்டியது அந்த 70-க்குள் மட்டும்தான்.

அப்புறம் தாளை அரூரில் இருக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவரிடம் எடுத்துப் போனோம். பல வருடம் திருத்தும் முகாமுக்குப் போனவர். அவர் செய்த விதத்தை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் பெரும்பாலும் இதைத்தான் தவறாகச் செய்கிறோம். பையன் எழுதியதைப் பார்த்து "சரியாத்தானே இருக்கு" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அவர் தாளில் போட்டிருந்த மார்க்கைப் பார்க்கவே இல்லை. வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தனித்தாளில் கேள்வி எண் வாரியாகத் தானே மார்க் போட்டார். விடைக்குறிப்பில் எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று பிரித்திருக்கும். அதன்படி முழுக்க முடித்த பிறகுதான் இரண்டையும் ஒப்பிட்டார்.

மூன்று இடத்தில் வித்தியாசம் வந்தது.

முதலாவது, அணைவுச் சேர்மங்கள் பாடத்து ஐந்து மார்க் கேள்வி. அது 3, 2 என்று இரண்டு பிரிவாகக் கேட்டது. தம்பி முதல் பிரிவை எழுதிவிட்டு, இரண்டாவதை நாலு பக்கம் தள்ளி, வேறொரு பதிலுக்குக் கீழே எழுதியிருந்தான். அங்கே டிக்கும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை, மார்க்கும் இல்லை. திருத்தியவர் கண்ணில் படவே இல்லை. மறுமதிப்பீட்டுக்கு இதைவிட உறுதியான காரணம் கிடையாது. பதில் தவறு என்று ஒருவர் முடிவெடுத்ததல்ல இது, யாருமே பார்க்கவில்லை.

இரண்டாவது, ஒரு மூன்று மார்க் கணக்கு. முதல் வகை வினை 99.9% முடிய ஆகும் நேரம் அரைவாழ்வு காலத்தைப்போல் சுமார் 10 மடங்கு என்று காட்ட வேண்டும். அவன் சூத்திரம் எழுதி, நேரம் 6.909/k என்று கண்டுபிடித்து, அரைவாழ்வு காலம் 0.693/k-ஆல் வகுத்து, விடை சுமார் 10 என்று முடித்திருந்தான். எல்லாப் படியும் இருந்தும் 1 மார்க்தான். சார் 3 போட்டார். "இது உறுதின்னு சொல்ல மாட்டேம்மா, இன்னொருத்தர் 2 போடலாம்" என்றார்.

மூன்றாவது வித்தியாசம் எங்களுக்கு எதிரானது. இயற் புறப்பரப்பு கவர்தலுக்கும் வேதிப் புறப்பரப்பு கவர்தலுக்கும் வேறுபாடு எழுதிய இடத்தில், மூன்றாவது வேறுபாடு முதலாவதையே வேறு வார்த்தையில் சொன்னதுதான். அதற்கும் முழு மார்க் விழுந்திருந்தது. மறுமதிப்பீட்டில் மார்க் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். இந்த இடத்தை நீங்கள் மறைக்க முடியாது, அதனால் கணக்கில் கழித்தே பாருங்கள். 2 உறுதி, இன்னும் 2 வரலாம், 1 போகலாம். மோசமாக நடந்தால்கூட 1 கூடும், நன்றாக நடந்தால் 4.

அது 505 ரூபாய்க்குத் தகுமா என்பதைச் சேர்க்கைக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதாவது வேதியியலில் ஏறும் ஒரு மார்க் கட்-ஆஃபில் அரை மார்க்தான். கணிதத்தில் ஏறினால் முழு ஒன்று. தம்பிக்குப் பொறியியல்தான் ஆசை, அரை மார்க்கில் கல்லூரி மாறுகிற இடத்தில் நின்றான். கட்டினோம்.

கணித நகலைப் பார்த்துவிட்டு கட்டவில்லை. 30-ஆவது வினா கட்டாயம் என்பதைக் கவனிக்காமல் வேறொன்றை எழுதியிருந்தான். அதிகமாக எழுதிய பதிலுக்கு மார்க் கிடையாது. இரண்டு ஐந்து மார்க் கணக்கில் நடுவிலேயே குறி மாறி எல்லாம் தப்பு. தேர்வு அறையை விட்டு வந்ததும் முழுதாக எழுதினோம் என்று தோன்றியதெல்லாம் தாளில் அப்படி இல்லை. அந்த 275 வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. அது 505-ஐ மிச்சப்படுத்தியது, அவனும் அதோடு கணிதத்தை நினைத்து வருந்துவதை விட்டான்.

மறுமதிப்பீட்டு விண்ணப்பம் பள்ளியில் வாங்க மாட்டார்கள். தளத்தில் படிவத்தை எடுத்து நிரப்பி, இரண்டு பிரதியாக மாவட்டத்தின் அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்து, பணமாகக் கட்ட வேண்டும். நாங்கள் தர்மபுரிக்குப் பஸ் ஏறிப் போனோம். அதற்கும் சில நாள்தான் அவகாசம். எனவே நகல் வெளியாகும் முன்பே, அதைப் பார்த்துத்தரும் ஆசிரியரிடம் பேசி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, யாராவது "விடைத்தாளையெல்லாம் காட்ட மாட்டாங்க" என்று சொன்னால் நம்பாதீர்கள். திருத்திய விடைத்தாளைப் பார்க்கத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

பிறகு மார்க் மாறியவர்களின் பதிவெண்கள் மட்டும் தளத்தில் வந்தன. பட்டியலில் இல்லையென்றால் மாற்றமில்லை என்று பொருள். தம்பியின் எண் இருந்தது. எழுத்துத் தேர்வு 47 என்பது 49 ஆகியிருந்தது. எந்தக் கேள்வியில் கூட்டினார்கள், எதிலாவது குறைத்தார்களா என்று அதில் இருக்காது. 77, 79 ஆனது. கட்-ஆஃபில் ஒரு மார்க்.