குமுதினி தாமரையா, அல்லியா?

கேள்வி: கொழும்பில் இருக்கிறோம். பிறந்த பெண் பிள்ளைக்குக் குமுதினி, கங்கா, உபேக்ஷா மூன்றில் ஒன்றை வைக்க யோசனை. சிங்களவருக்கும் விளங்க வேணும். குமுதினி என்றால் தாமரைதானே?

தாமரை இல்லை, வெள்ளை அல்லி. தாமரை பகலில் விரியும்; குமுதம் இரவில் விரிந்து, வெயில் ஏற மூடிக்கொள்ளும். வடமொழிக் கவிதையில் சூரியனைத் தாமரைக்கும் சந்திரனைக் குமுதத்துக்கும் காதலனாக்கியது இதனால்தான். குமுதினி தனிப்பூவும் அல்ல. அல்லிக்கொடி, அல்லது அல்லி நிறைந்த குளம். பத்மினி, நளினி என்பவையும் தாமரைக்கு அப்படி வந்த பெயர்கள்தான்.

என் மச்சாளுக்கும் இதே சந்தேகம் இருந்தது. களனி விகாரைக்குப் போகும் வழியில் ஒரு பூக்கார அம்மா நெலும், மானெல், ஒலு மூன்றையும் வாளியிலிருந்து எடுத்துக் காட்டினா. நெலும்தான் தாமரை. அதன் அகன்ற இதழ்களை ஒவ்வொன்றாக மடித்துவிட, நடுவில் பச்சைப் பொகுட்டு தெரிந்தது. மானெலும் ஒலுவும் அல்லி இனம். இதழ் ஒடுங்கிக் கூராக இருக்கும், அந்தப் பொகுட்டு இல்லை. குளத்தில் பார்த்தால் இன்னும் சுலபம். அல்லி இலை விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு வெட்டோடு தண்ணீரில் மிதக்கும். தாமரை இலையில் வெட்டே இராது, பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே எழுந்து நிற்கும்.

சிங்களத்தில் குமுது, குமுதினி இரண்டும் பழகிய பெண் பெயர்கள். யாரும் எழுத்துக்கூட்டிக் கேட்க மாட்டார்கள். (உற்பலம் அங்கே உபுல் ஆகி ஆண் பிள்ளைகளிடம் போய்விட்டது. கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவின் பெயரில் இருப்பது நீல அல்லி!) ஒன்று மட்டும் யோசியுங்கள்: நெடுந்தீவு ஆட்களுக்குக் குமுதினி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பெயரில் ஓடிய பயணிகள் படகும், 1985 மே மாதம் அதில் நடந்த படுகொலையும். உங்களுக்கு அந்தப் பக்கத்து உறவு இருந்தால் மூத்தவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கங்கா சிக்கலில்லாத பெயர். ஆனால் சிங்களத்தில் 'கங்க' என்றால் ஆறு, அவ்வளவுதான். களனி கங்க, மகாவலி கங்க என்று இங்கே பல ஆறுகளும் கங்கைதான்.

உபேக்ஷாவில்தான் எனக்குத் தயக்கம். பௌத்தத்தில் மெத்தா, கருணா, முதிதா, உபேக்கா என்று நான்கு உயர்ந்த மனநிலைகள். நான்காவது, இன்பத்திலும் துன்பத்திலும் சமநிலை குலையாத மனம். சிங்களக் குடும்பங்கள் அந்த அர்த்தத்தில்தான் ஆசையாக வைக்கிறார்கள். தமிழில் அதே சொல் உபேட்சை, அதாவது அலட்சியம். ஹிந்தியிலும் புறக்கணிப்புத்தான். பிள்ளை நாளைக்கு டெல்லியில் படிக்கப் போனால், "உனக்கு ஏன் இப்படி ஒரு பேர்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

நானென்றால் குமுதினி. வீட்டில் சுருக்கிக் கூப்பிட 'குமுது' இரண்டு மொழிக்கும் பொருந்தும். எல்லாப் பெயரும் அப்படிச் சுருங்காது. எங்கள் லேனில் ஒரு மல்லிகா இருக்கிறாள். வெள்ளவத்தைச் சந்தையில் அவளுடைய அம்மா "மல்லி!" என்று கூப்பிட்டால், சிங்களத்தில் 'மல்லி' என்றால் தம்பி என்பதால், தங்களைத்தான் கூப்பிடுகிறா என்று கடைப் பெடியன்கள் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.