இரண்டு கம்பெனியும் வரி பிடிக்கவில்லை என்றால் வரி இல்லையா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மாதம் 1 லட்சம் சம்பளத்தில் இருந்தேனுங்க. 2025 செப்டம்பரோடு விலகி, அக்டோபர் 1 முதல் கோவை சரவணம்பட்டியில் 1.30 லட்சத்துக்குச் சேர்ந்திருக்கிறேன். அங்கே வரியே பிடிக்கவில்லை. இங்கே 12பி படிவம் கேட்கிறார்கள். பழைய சம்பளத்தை எதற்குச் சொல்ல வேண்டும்?

பதில்: அந்தப் படிவத்தைக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் புதிய வரி முறையில் இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

பழைய கம்பெனி உங்கள் ஆண்டுச் சம்பளம் 12 லட்சம் என்று எடுத்து, நிலைக்கழிவு 75,000 போக 11.25 லட்சம் என்று பார்த்தது. 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி வரவில்லை. 12பி இல்லாவிட்டால் புது கம்பெனிக்குத் தெரிவது ஆறு மாதச் சம்பளம் 7.80 லட்சம் மட்டும்தான். அவர்களும் பிடிக்க மாட்டார்கள்.

ஆனால் வருமான வரித்துறை இரண்டையும் கூட்டிப் பார்க்கும். மொத்தம் 13.80 லட்சம், கழிவு போக 13.05 லட்சம். தள்ளுபடி எல்லையைத் தாண்டிவிட்டதால் வரி 75,750. செஸ் சேர்த்து 78,780 ரூபாய். இப்போதே 12பி கொடுத்தால் மாதம் 13,130 வீதம் மார்ச்சுக்குள் பிடித்துவிடுவார்கள். கொடுக்காமல் ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது கட்டினால், முன்கூட்டியே கட்டாததற்கான வட்டியாக மட்டும் ஏறக்குறைய 7,000 ரூபாய் கூட வரும்.

படிவத்தில் பழைய கம்பெனியின் பெயர், முகவரி, டான் எண், வேலை பார்த்த காலம், சம்பளம், பி.எஃப். பிடித்தம், பிடித்த வரி ஆகியவற்றை எழுத வேண்டும். படிவம் 16 அடுத்த ஜூனில்தான் கைக்கு வரும். அதற்காகக் காத்திருக்காமல் சம்பள ரசீதுகளைப் பார்த்தே எழுதிவிடலாம்.

பலரும் கோட்டைவிடுவது செட்டில்மென்ட் பணத்தில்தான். 12பி கொடுத்த பிறகு பழைய கம்பெனி விகிதப்படி போனஸ் 40,000 போட்டால், உங்களுக்கு இன்னும் 6,240 ரூபாய் வரி ஏறும். பணம் வந்ததும் செட்டில்மென்ட் தாளை வைத்துத் திருத்திய 12பி ஒன்று கொடுங்கள். விடுப்புச் சம்பளத்துக்கு உச்சவரம்புக்குள் விலக்கு உண்டு என்பதால், செட்டில்மென்ட் தாளில் அதைத் தனி இனமாகக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

பழைய சம்பளத்தைப் புது இடத்தில் காட்டப் பிடிக்கவில்லையா? சரி, சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அப்போது வருமான வரி இணையதளத்தில் முன்கூட்டிய வரியை நீங்களே கட்ட வேண்டும்: டிசம்பர் 15-க்குள் முக்கால் பங்கு, மார்ச் 15-க்குள் மீதி.

அப்புறம், ரிட்டர்ன் போடும்போது இரண்டு படிவம் 16-லும் 75,000 கழிவு இருக்கக்கூடும். அதை ஒரு முறைதான் கழிக்க வேண்டும்.