நாள், அரை நாள், மணி: படகு வேலைக் கூலியை ஒரே கணக்கில் கொண்டுவருவது எப்படி?

மண்டபத்தில் ஒரு படகுப் பட்டறையில் கூலிப் பதிவேடு பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் எங்கள் கரையில் மராமத்து வேலை முழுக்க அந்த இரண்டு மாதத்தில்தான் குவியும். கேள்விகளும் அங்கிருந்தே வந்திருக்கின்றன.

பாம்பன் தம்பி: அக்கா, ஆசாரி நோட்டுல 6 நாள், 3 அரை நாள், 5 மணின்னு இருக்கு. இந்தப் படகுக்கு எவ்வளவு ஆச்சுன்னு எப்படிச் சொல்றது?

எல்லாவற்றையும் மணியாக்கிவிடுங்கள் தம்பி. உங்கள் பட்டறையில் ஒரு நாள் என்றால் சாப்பாட்டு நேரம் போக எத்தனை மணி என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். 8 என்று வைப்போம். 6 நாளுக்கு 48, 3 அரை நாளுக்கு 12, அப்புறம் அந்த 5. மொத்தம் 65 மணி. நாள் கூலி 1,200 என்றால் மணிக்கு 150, ஆக 9,750 ரூபாய்.

பலர் தவறுவது இங்கேதான். காலை 8 முதல் மாலை 5 வரை என்று எண்ணி நாளை 9 மணியாக்குவார்கள், ஆனால் கூலியை 8ஆல் வகுப்பார்கள். அப்படிச் செய்தால் அதே நோட்டு 72.5 மணி ஆகும், செலவு 10,875 ரூபாய் என்று வரும். யாருக்கும் கொடுக்காத 1,125 ரூபாய் படகுக்காரர் தலையில் ஏறிவிடும். நாளை மணியாக்கும் எண்ணும் கூலியை வகுக்கும் எண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டும். முடிவில் கையில் கொடுத்த கூலியோடு ஒப்பிடுங்கள். 6 நாளுக்கு 7,200, 3 அரை நாளுக்கு 1,800, 5 மணி நேரத்துக்கு 750 கொடுத்திருந்தால் கூட்டினால் அதே 9,750 வரும். வராவிட்டால் மாற்றியதில் பிழை.

தொண்டி அண்ணன்: மணியெல்லாம் எதுக்கும்மா? 1 மணி 0.1 நாள்னு போட்டு எல்லாத்தையும் நாளாக்கிடலாம். நான் அப்படித்தான் செய்யுறேன்.

நாளாக்குவதில் தவறே இல்லை அண்ணே, சிலருக்கு அதுதான் வசதி. ஆனால் 8 மணி நாளில் ஒரு மணி என்பது 0.125. நீங்கள் அதை 0.1 ஆக்குவதால் 40 மணி உதிரி வேலை 5 நாளுக்குப் பதில் 4 நாளாகத் தெரியும். ஒரு முழு ஆள்கூலி கணக்கிலிருந்தே காணாமல் போகிறது.

கீழக்கரையிலிருந்து ஒருவர்: எக்ஸெல்ல 1/2 அடிச்சா தேதி வருது. 4:30 அடிச்சதைக் கூலியால பெருக்கினா அற்பத் தொகை வருது. ஏன்?

1/2 என்பதை எக்ஸெல் தேதியாக எடுத்துக்கொள்ளும். அதனால் எண்ணை ஒரு கட்டத்திலும், நாள், அரை, மணி என்ற சொல்லைப் பக்கத்துக் கட்டத்திலும் எழுதுங்கள்.

```
=IF(C2="நாள்",B2*8,IF(C2="அரை",B2*4,B2))
```

4:30 என்பது அதற்கு ஒரு முழு நாளில் 0.1875 பங்கு. 24ஆல் பெருக்கினால்தான் 4.5 மணி கிடைக்கும். நாலரை மணியை 4.30 என்று எழுதுவதும் வேண்டாம், அது 4.5 அல்ல.

கடல்பாசி வளர்க்கும் ஒரு அக்கா: தங்கச்சி, நாங்க 6 மணிக்கு இறங்கி 11 மணிக்கு ஏறினா நாள் முடிஞ்சிரும். 8 மணின்னு சொல்லி எங்க கூலியைக் குறைச்சிடாதீங்க.

உங்கள் கூலியில் யாரும் கை வைக்கவில்லை அக்கா, இது செலவை எழுதும் முறை மட்டும்தான். ஆனால் நீங்கள் சொன்னது முக்கியம். உங்கள் நாள் 5 மணி. கூலி 500 என்றால் மணிக்கு 100. அதை 8ஆல் வகுத்தால் 62.50 தான் வரும், 3 மணி வேலை 300க்குப் பதில் 187.50 என்று பதிவாகும். ஆசாரிக்கு 8, பாசிக்கு 5 என்று தொழிலுக்குத் தகுந்த எண்ணைத் தனித்தனியாக வையுங்கள்.

பாம்பன் தம்பி (மறுபடியும்): ஒரே ஆசாரி ஒரே நாள்ல ரெண்டு படகுல வேலை பார்த்தா?

தடைக்காலத்தில் எங்களுக்கே நடந்தது. இரண்டு படகின் நோட்டிலும் அந்த நாளுக்கு "1" எழுதியிருந்தார்கள். ஒரு கூலி இரண்டு தடவை செலவாகிவிட்டது. ஆள் வாரியாக ஒரு தேதியின் மணிகளைக் கூட்டிப் பாருங்கள். 8ஐத் தாண்டினால், மிகைநேரம் இல்லாத நாளில், அது இரட்டைப் பதிவு.

தொண்டி அண்ணன்: காலை அரை நாள் 8லிருந்து 12.30, மதியம் 1.30லிருந்து 5. ரெண்டும் 4 மணியா?

காலை நாலரை, மதியம் மூன்றரைதான். கூலி பாதிப் பாதியாகக் கொடுப்பதால் செலவுக்கு நான் 4 என்றே எடுக்கிறேன். ஆனால் அடுத்த படகுக்கு எத்தனை மணி பிடிக்கும் என்று மதிப்பிட இதை வைத்தால், காலை அரை நாள் அதிகமுள்ள வேலைக்கு நேரம் குறைத்துக் காட்டும். அதற்காக "கா", "ம" என்று நோட்டில் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் மேஸ்திரி அது வீண் வேலை என்கிறார். இந்தத் தடைக்காலம் முடிந்ததும் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.