தொழுநோய்: டியூபர்குளாய்டு, லெப்ரோமேட்டஸ் வேறுபடுவது எப்படி?

கிருமி ஒன்றுதானே? ஒருவருக்கு ஒரே ஒரு மரத்த தேமல், இன்னொருவருக்கு உடம்பெல்லாம் முடிச்சு, ஏன்?

நோய் எதிர்ப்பை வழிநடத்தும் உதவி டி செல்கள் டிஎச்1, டிஎச்2 என்ற இரு வகைகளில் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதுதான் முக்கியமான காரணம். மரத்த தேமலோடு நிற்கும் டியூபர்குளாய்டு வகையில் டிஎச்1 செல்களின் கை ஓங்கியிருக்கும். அவை சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதம், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களை உசுப்பிவிட, அவை தாம் விழுங்கிய கிருமியைக் கொன்றுவிடுகின்றன. திசுவில் கிருமியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அந்தச் சண்டையில் நரம்பும் அடிபடுகிறது. தேமலைப் பஞ்சால் தொட்டால் தெரியாமல் போவது அதனால்தான்.

உடம்பெல்லாம் முடிச்சு வரும் லெப்ரோமேட்டஸில் டிஎச்2 பக்கம் சாய்வு: ஐஎல்-4, ஐஎல்-10 என்ற சமிக்ஞைப் புரதங்கள் சுரக்கும். எதிர்ப்பொருள் ஏராளமாக உருவாகும், பயன்தான் இல்லை. கிருமி செல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது, எதிர்ப்பொருள் அங்கே நுழையாது. மேக்ரோஃபேஜை ஐஎல்-10 அடக்கிவைப்பதால் கிருமி அதற்குள்ளேயே பெருகுகிறது. காது மடலில் லேசாகக் கீறி எடுத்த திரவத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் கொத்துக் கொத்தாகத் தெரியும்.

நிறையப் பேர் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள், அந்த இடமும் நிலையானதல்ல. சிகிச்சையின்போது டிஎச்1 திடீரென எகிறினால் பழைய தேமல் சிவந்து வீங்கும், முழங்கை நரம்பு வலிக்கும், விரல்கள் வலுவிழக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு, அது தவறு. தொழுநோய்க்கான கூட்டு மருந்தைத் தொடர்ந்துகொண்டே, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசலோன் சேர்ப்பார்கள். தாமதித்தால் நரம்பு மீளாமல் போகலாம்.