ஒரே குவாரி, இரண்டு ஐஆர்ஆர்: எதை நம்புவது?

கேள்வி: கருங்கல் குவாரி ஒன்றைக் குத்தகைக்கு எடுக்கப் பார்க்கிறேன். தொடக்கத்தில் 1 கோடி முதலீடு. 5 வருடம் வருடத்துக்கு 60 லட்சம் கையில் நிற்கும். 6-ஆம் வருடம் பள்ளத்தை மூடி, நிலத்தைச் சீர்செய்து ஒப்படைக்க 2.20 கோடி ஆகும். எக்ஸெல்லில் ஐஆர்ஆர் 7.4% என்று வருகிறது. ஆடிட்டர் அதே கணக்கில் 30.8% காட்டுகிறார். என் பணத்துக்கு 12% எதிர்பார்க்கிறேன். எதை நம்பி முடிவெடுப்பது?

பதில்: இரண்டுமே சரியாகப் போட்ட கணக்குதான். ஆனால் முடிவெடுக்க இரண்டுமே உதவாது.

ஐஆர்ஆர் என்பது நிகர நிகழ்கால மதிப்பை, அதாவது என்பிவியை, பூஜ்யமாக்கும் வீதம். முதலில் பணம் போய், பிறகு வந்துகொண்டே இருந்தால் அப்படிப்பட்ட வீதம் ஒன்றுக்கு மேல் இருக்காது. உங்கள் பணமோ போகிறது, வருகிறது, கடைசியில் மறுபடியும் போகிறது. குறி இரண்டு முறை மாறுவதால் விடையும் இரண்டு வரை வரலாம். எக்ஸெல் தானாகத் தொடங்கும் ஊகம் 10%. அதற்குப் பக்கத்தில் இருக்கும் 7.4-ஐ அது பிடித்துக்கொள்கிறது. 30% ஊகம் கொடுத்தால் 30.8 வரும். இந்தச் சிக்கல் புதிதல்ல. எண்ணெய்க் கிணற்றுக்குப் பெரிய பம்ப் வாங்கும் உதாரணத்தை வைத்து லோரி, சாவேஜ் என்ற இருவர் 1955-இலேயே இதை எழுதினார்கள்.

உங்கள் எண்கள் B2 முதல் H2 வரை இருந்தால் இப்படிப் போட்டுப் பாருங்கள்:

```
=IRR(B2:H2,10%)
=IRR(B2:H2,30%)
=NPV(12%,C2:H2)+B2
```

மூன்றாவது வரியில் B2-ஐ வெளியே வைத்திருப்பதைக் கவனியுங்கள். எக்ஸெல்லின் NPV தனக்குக் கொடுக்கும் முதல் எண்ணையே ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்று போடும் 1 கோடியை உள்ளே வைத்தால் கணக்கு முழுவதும் ஒரு வருடம் தள்ளிப்போய்விடும்.

12%-இல் என்பிவி 4.83 லட்சம் லாபம் காட்டும். பாடப்புத்தக விதிப்படி இங்கேயே நிறுத்திவிட்டு, 'எடுத்துக்கொள்ளலாம்' என்று சொல்லிவிடலாம். ஆனால் வீதத்தை மாற்றிப் பாருங்கள். 0%-இல் 20 லட்சம் நஷ்டம், 5%-இல் 4.4 லட்சம் நஷ்டம், 10%-இல் 3.3 லட்சம் லாபம், 18%-இல் 6.1 லட்சம் லாபம். வீதம் கூடக்கூட லாபம் ஏறுகிறது. சாதாரண முதலீட்டில் இது நடக்காது. உங்கள் கைக்கு வருவது மொத்தம் 3 கோடி, போவது 3.20 கோடி. கடைசியில் போகும் 2.20 கோடி தூரத்தில் இருப்பதால், வட்டி வீதம் ஏற ஏற அது சின்னதாகத் தெரிகிறது. லாபம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள குவாரிக்கு ஒரு பற்று வரவு எழுதுங்கள். 30.8%-ஐ எடுத்துக்கொள்வோம். 1 கோடிக்கு ஒரு வருட வட்டி சேர்ந்து 130.8 லட்சம் ஆகிறது. 60 லட்சம் வந்ததும் குவாரி உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி 70.8. அடுத்த வருடம் பாக்கி 32.6. மூன்றாவது வருட வரவு பாக்கியை அடைத்து, 17.35 லட்சம் மிச்சமாகிறது. அந்த நொடியில் நிலைமை தலைகீழாகிறது. அதுவரை குவாரி உங்களுக்குக் கடன்பட்டிருந்தது. இனி, நாளை மூடவேண்டிய பள்ளத்துக்கான பணத்தை நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். 30.8% உண்மையாக வேண்டுமானால், இந்த மிச்சமும் அடுத்தடுத்து சேரும் பணமும் வருடம் 30.8% ஈட்ட வேண்டும். அப்போதுதான் 6-ஆம் வருடம் 220 லட்சம் தேறும். வங்கி வைப்பில் 7%-க்குப் போட்டால் 154 லட்சம்தான் தேறும். 66 லட்சம் உங்கள் பையிலிருந்து போகும்.

12% என்பிவியிலும் இதே அனுமானம் ஒளிந்திருக்கிறது, அளவுதான் குறைவு. மிச்சப் பணமும் 12% ஈட்டும் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே இரண்டு வீதங்களைப் பிரித்துவிடுங்கள். குவாரி உங்களுக்குத் தர வேண்டிய காலத்துக்கு 12%. உங்கள் கையில் மிச்சம் இருக்கும் காலத்துக்கு, அந்தப் பணம் வரி போக நிஜமாக ஈட்டும் வீதம். B4-இல் முதல் வரியையும் C4-இல் இரண்டாவது வரியையும் போட்டு, C4-ஐ H4 வரை இழுங்கள்:

```
=B2
=B4*(1+IF(B4<0,12%,7%))+C2
```

7%-இல் ஓட்டினால், இரண்டாம் வருட முடிவில் கணக்கு 1.76 லட்சம் மிச்சத்துக்கு வரும். ஐந்தாம் வருட முடிவில் 195 லட்சம் இருக்கும். 6-ஆம் வருடம் அது 208.7 லட்சமாகும். 220 கொடுத்தால் 11.3 லட்சம் துண்டு விழுகிறது. என்பிவி காட்டிய 4.83 லட்ச லாபம் காணாமல் போய்விட்டது.

எனவே இந்த எண்களோடு குத்தகையை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. முடிவை மாற்றக்கூடிய இடங்கள் இரண்டு. மிச்சப் பணம் வரி போக 9.75%-க்கு மேல் ஈட்டினால் கணக்கு நேராகும். உங்களுக்கு 12% வட்டியில் ஏற்கெனவே கடன் இருந்து, மிச்சத்தை வைத்து அதை அடைப்பீர்கள் என்றால், அந்தப் பணம் உண்மையிலேயே 12% ஈட்டுகிறது. அப்போது 4.83 லட்சமும் நிஜம்தான். ஆனால் 6-ஆம் வருடம் 2.20 கோடியைப் புரட்டும் வழி அன்றும் உங்களிடம் இருக்க வேண்டும். இன்னொரு இடம் மூடும் செலவு. அது 2.08 கோடிக்குள் முடிந்தால் 7%-லேயே கணக்கு தேறும். குவாரி ஓடும்போதே, கல் எடுத்து முடித்த பகுதியில் கழிவு மண்ணையும் உடைகல்லையும் கொட்டி நிரப்பி வந்தால், ஒரே மண்ணை இரண்டு முறை லாரியில் ஏற்றி இறக்கும் செலவு மிச்சமாகும். 12 லட்சத்தைக் குறைக்க முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஐஆர்ஆரின் திருத்திய வடிவமான எம்ஐஆர்ஆரைப் போட்டுப் பார்க்க ஆடிட்டர் சொல்லலாம். =MIRR(B2:H2,12%,7%) என்றால் 9.7% வரும். 12-க்குக் கீழே இருப்பதால் பதில் அதே திசையில்தான் இருக்கிறது. ஆனால் அது மூடும் செலவை 12%-இல் இன்றைய மதிப்புக்குக் குறைப்பதால், அந்தச் செலவை லேசாகக் காட்டும். எந்த வருடம் எவ்வளவு மிச்சம் என்பதையும் சொல்லாது. பற்று வரவு இரண்டையும் சொல்லும்.

கடைசியாக ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள். 2.20 கோடி என்பது இன்றைய டீசல், கூலி விலையா, 6-ஆம் வருட விலையா? இன்றைய விலை என்றால், வருடம் 6% ஏற்றத்தில் அது 3.12 கோடி ஆகும். அந்த எண்ணை H2-இல் போட்டால் எந்த வீதத்திலும் என்பிவி பூஜ்யத்தைத் தொடாது. ஐஆர்ஆர் இரண்டு விடைக்குப் பதிலாக ஒன்றுகூடத் தராமல் #NUM! என்று காட்டும். அதை எக்ஸெல்லின் கோளாறு என்று நினைத்து ஊகத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். பற்று வரவை ஓட்டுங்கள், 1 கோடிக்கு மேல் துண்டு விழுவது அதில் தெரிந்துவிடும்.