10 எம்.பி. வரம்பு இருந்தும் 7.9 எம்.பி. கோப்பு ஏன் போகவில்லை?

கேள்வி: எங்கள் அலுவலக மெயிலில் 10 எம்.பி. வரை இணைக்கலாம் என்கிறார்கள். நான் ஸ்கேன் செய்த பி.டி.எஃப். 7.9 எம்.பி.தான் (82,86,000 பைட்). அனுப்பு என்று அழுத்தியதுமே `552 5.3.4 Message size exceeds fixed limit` என்று வருகிறது. ஜிப் செய்து பார்த்தும் அதே பதில்தான். வரம்புக்குள் இருக்கும் கோப்பை ஏன் மறுக்கிறது?

பதில்:

மெயில் சர்வர் அளந்தது உங்கள் கணினியில் இருக்கும் கோப்பை அல்ல. அந்தக் கோப்பு எழுத்துகளாக மாற்றப்பட்ட பிறகு உருவான முழு மெயிலை. அந்த மாற்றத்தில் உங்கள் கோப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு பெருத்து, 10.8 எம்.பி. ஆகிவிட்டது. நான் சில ஆண்டுகள் ஒரு கல்வி நிறுவனத்தின் மெயில் சர்வரைக் கவனித்து வந்தேன். தேர்வுக் காலத்தில் ஆசிரியர்களிடமிருந்து வாரம் தவறாமல் வந்த புகார் இதுவே என்பதால், கணக்கோடு விளக்குகிறேன்.

மெயிலைக் கடத்தும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டபோது, ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி ஆகியவற்றை மட்டுமே கொண்டுசெல்லும் ஏழு பிட் பாதையாகவே அமைந்தது. ஒரு வரி, அதன் முடிவுக் குறியையும் சேர்த்து 1000 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது என்ற விதியும் அதில் இருந்தது. பி.டி.எஃப்., படம், ஒலி போன்ற கோப்புகளோ எட்டு பிட் பைட்டுகளால் ஆனவை; அவற்றில் வரி என்ற ஒன்றே கிடையாது. அவற்றை அப்படியே அந்தப் பாதையில் அனுப்பினால் வழியில் சிதைந்துவிடும். எனவே 1992-இல் நதேனியல் போரென்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் எழுதிய மைம் விதிகள், எந்தக் கோப்பையும் பாதுகாப்பான 64 எழுத்துகளாக மாற்றி அனுப்பும் முறையை மெயிலுக்குக் கொண்டுவந்தன. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண்கள் 10, கூட்டல் குறி, சாய்கோடு என 64 எழுத்துகளைப் பயன்படுத்துவதால் அதற்கு பேஸ்64 என்று பெயர்.

அளவு எங்கே கூடுகிறது என்பதை ஒரே ஒரு தமிழ் எழுத்தை வைத்தே பார்த்துவிடலாம். யுனிகோடின் யு.டி.எஃப்.-8 முறையில் ‘க’ என்ற எழுத்து மூன்று பைட் இடம் பிடிக்கிறது; பதினறும எண்ணில் எழுதினால் `E0 AE 95`. மூன்று பைட் என்றால் 24 பிட். பேஸ்64 முறை இந்த 24 பிட்டுகளை எட்டெட்டாக அல்லாமல் ஆறாறாகப் பிரிக்கிறது. ஆறு பிட்டில் 64 விதங்கள்தாம் அமையும் என்பதால், ஒவ்வொரு ஆறுக்கும் ஓர் எழுத்து கிடைத்துவிடும்.

```
11100000 10101110 10010101
111000 001010 111010 010101
   4      K      6      V
```

மேல்வரியில் மூன்று பைட்டுகள். கீழே அதே பிட்டுகள் நான்கு எழுத்துகளாக. ஆனால் மெயிலில் `4K6V` என்ற ஒவ்வோர் எழுத்தும் ஒரு முழு பைட்டாகத்தான் பயணம் செய்யும். ஆக மூன்று பைட் நான்காகிறது. கோப்பில் என்ன இருக்கிறது என்பதை இந்த முறை பார்ப்பதே இல்லை. எந்தக் கோப்பாக இருந்தாலும் மூன்றுக்கு நான்குதான். மூன்றால் மீதமின்றி வகுபடாத கோப்பின் கடைசியில் மட்டும், குறையை நிரப்ப ஒன்றோ இரண்டோ `=` குறிகள் சேரும்.

பலரும் இத்தோடு நிறுத்திக்கொண்டு, 33 விழுக்காடு கூடும் என்று சொல்வார்கள். மெயிலைப் பொறுத்தவரை அது சற்றே குறைவான கணக்கு. மைம் விதிப்படி ஒரு வரியில் 76 எழுத்துகளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு பைட்டுகள் வரி முடிவுக் குறியாகச் சேர்கின்றன. கோப்பின் 57 பைட்டுகள் 76 எழுத்துகளாகி, வரி முடிவோடு 78 பைட்டுகளாகின்றன. 78-ஐ 57-ஆல் வகுத்தால் 1.368 வரும். நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய பெருக்கல் எண் இதுவே.

இப்போது உங்கள் கோப்பை எடுத்துக்கொள்வோம். 82,86,000 பைட்டை மூன்றால் வகுத்து நான்கால் பெருக்கினால் 1,10,48,000 எழுத்துகள் வருகின்றன. வரிக்கு 76 எழுத்து வீதம் அவை 1,45,369 வரிகள். வரிக்கு இரண்டு பைட் என்பதால் மேலும் 2,90,738. மொத்தம் 1,13,38,738 பைட். தலைப்பு வரிகளும் நீங்கள் எழுதிய கடிதமும் இன்னும் சேரவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் சில ஆயிரம் பைட்டுகள்தாம் என்பதால் இந்தக் கணக்கில் அவற்றைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. (கையெழுத்துப் பகுதியில் நிறுவனத்தின் முத்திரைப் படத்தை வைத்திருந்தால் மட்டும் அதையும் ஓர் இணைப்பாகக் கருதிக் கூட்டிக்கொள்ளுங்கள்.)

மறுபுறம் வரம்பைப் பாருங்கள். உங்களுக்கு வந்த பிழைச் செய்தியின் சொற்கள் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் தரும் சொற்கள். அதில் நிர்வாகி எதையும் மாற்றாவிட்டால் வரம்பு 1,02,40,000 பைட். அதையே வாய்ச்சொல்லில் 10 எம்.பி. என்கிறார்கள். உங்கள் மெயில் அதைவிடச் சுமார் 11 லட்சம் பைட் பெரியது. இந்த வரம்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், 1,02,40,000-ஐ 1.368-ஆல் வகுக்க, சுமார் 74,80,000 பைட் கிடைக்கும். விண்டோஸ் காட்டும் அளவில் அது 7.1 எம்.பி. அந்த சர்வர் வழியாக நீங்கள் அனுப்பக்கூடிய மிகப் பெரிய கோப்பு அவ்வளவுதான்.

ஊகிக்க வேண்டாம், சர்வரிடமே கேட்டுவிடலாம். அனுப்பும் சர்வரின் பெயர் உங்கள் மெயில் அமைப்புகளில் இருக்கும். கீழே அந்தப் பெயரை இட்டு இணைத்த பின், `EHLO test` என்று தட்டச்சு செய்யுங்கள்.

```
openssl s_client -starttls smtp -crlf -connect mail.example.com:587
EHLO test
```

வரும் பதிலில் `250-SIZE 10240000` என்பது போல ஒரு வரி இருக்கும். அந்த எண்தான் முழு மெயிலுக்கான வரம்பு, பைட்டுகளில். கோப்பு மாற்றத்துக்குப் பின் என்ன அளவாகும் என்பதை லினக்ஸில் இந்த ஒரே வரி சொல்லிவிடும்:

```
base64 scan.pdf | sed 's/$/\r/' | wc -c
```

இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால் போதும். `SIZE` என்ற இந்த அறிவிப்பால்தான் உங்களுக்கு மறுப்பு உடனே வந்தது: உங்கள் மெயில் மென்பொருள் கோப்பை ஏற்றும் முன்பே மெயிலின் முழு அளவைச் சொல்லிவிட்டது, சர்வரும் அப்போதே மறுத்துவிட்டது. இதுவே சில நிமிடம் கழித்து `MAILER-DAEMON` என்ற பெயரில் ஒரு மடல் திரும்பி வந்திருந்தால், உங்கள் சர்வர் ஏற்றுக்கொண்டது, பெறுபவரின் சர்வர் மறுத்தது என்று பொருள். அந்த மடலுக்குள் `message size ... exceeds size limit ... of server` என்ற வரியைத் தேடுங்கள். மறுத்த சர்வரின் பெயரும் அதன் வரம்பும் அங்கேயே இருக்கும். மெயில் கடந்துபோகும் ஒவ்வொரு சர்வருக்கும் தனி வரம்பு உண்டு, அவற்றுள் மிகச் சிறியதே உங்களைக் கட்டுப்படுத்தும்.

ஜிப் உதவாததற்கும் காரணம் இருக்கிறது. ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்பின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஜேபெக் படங்கள். பிழிந்த துணியை மீண்டும் பிழிவது போல, ஜிப்புக்கு அதில் எடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஜிப் கோப்பும் இணைப்புதான் என்பதால் அதுவும் அதே 1.368 மடங்காகப் பெருகும். உரைக்கோப்பையோ தரவுப் பட்டியலையோ ஜிப் செய்தால் நல்ல பலன் கிடைக்கும், ஸ்கேனில் கிடைக்காது.

இந்தக் காலத்திலும் ஏழு பிட் பாதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எட்டு பிட் எழுத்துகளை ஏற்கும் நீட்டிப்பு பல ஆண்டுகளாகவே சர்வர்களில் இருக்கிறது. ஆனால் அதிலும் வரி நீள விதி தொடர்வதால், வரியே இல்லாத கோப்புக்கு அது பயன்படாது. பைட்டுகளை அப்படியே அனுப்பும் முறையும் 2000-ஆம் ஆண்டிலேயே விதியாக வந்துவிட்டது. வழியில் உள்ள எல்லா சர்வர்களும் அதை ஏற்றால்தான் பயன் என்பதாலும், போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற பரவலான மென்பொருளே அதை ஏற்காததாலும் அது நடைமுறைக்கு வரவில்லை.

என் கருத்தில் இங்கே பிழை உங்களுடையது அன்று, ‘10 எம்.பி. வரை இணைக்கலாம்’ என்று அறிவித்தவர்களுடையது. சர்வர் வரம்பைக் கோப்பு வரம்பாகச் சொல்லக் கூடாது. சரியாகச் செய்தவர்களின் எடுத்துக்காட்டும் உண்டு. ஜிமெயில் 25 எம்.பி. வரை இணைக்கலாம் என்கிறது; ஆனால் அதன் அனுப்பும் சர்வர் அறிவித்து வந்த எண் `SIZE 35882577`. முதல் பார்வைக்கு எங்கிருந்தோ வந்த எண்ணாகத் தோன்றும். 25 எம்.பி. என்பது 2,62,14,400 பைட். அதை 78-ஆல் பெருக்கி 57-ஆல் வகுத்து, தலைப்பு வரிகளுக்கென்று 10,240 பைட்டைக் கூட்டிப் பாருங்கள், கடைசி இலக்கம் வரை அதே எண் வரும். இந்தப் பொருத்தத்தை முதன்முதலில் கணக்கிட்டுப் பார்த்த பிறகுதான் எங்கள் நிறுவனத்தின் வரம்பையும் அதே முறையில் மாற்றினேன்: 10 எம்.பி. கோப்புக்கு 1,43,48,935 பைட் தேவை என்பதால், கொஞ்சம் இடம் விட்டு 1,44,00,000 என்று வைத்தேன்.

```
postconf -e message_size_limit=14400000
postfix reload
```

உங்கள் நிர்வாகியிடம் இதைக் கேளுங்கள். வெளியாரின் சர்வர் வரம்பை அவரால் மாற்ற முடியாது என்பதால், வெளியே அனுப்பும் மெயிலுக்கு 7 எம்.பி. என்பதையே உங்கள் அளவாக வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இந்தக் குறிப்பிட்ட பி.டி.எஃப். இன்றே போக வேண்டுமென்றால், வண்ணத்துக்குப் பதில் சாம்பல் நிறத்தில், 300 டி.பி.ஐ.க்குப் பதில் 200-இல் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். 200-இல் படப்புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடும், அச்சிட்ட எழுத்தும் தெளிவாகவே படிக்க முடியும். முத்திரையின் நிறம் தெரிய வேண்டிய ஆவணம் என்றால், பக்கங்களை இரண்டு பி.டி.எஃப்.களாகப் பிரித்து, ஒரே மெயிலில் அல்லாமல் இரண்டு தனி மெயில்களில் அனுப்புங்கள்.